பெட்டியில் அச்சடித்த எண்ணும் காதில் இருக்கும் நேரமும்

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக் குடோன்களில் வேலை செய்பவர்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். தார் தீர்ந்துவிட்டது, இழை அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது என்பதற்கெல்லாம் சைகை உண்டு. கத்திச் சொன்னாலும் பக்கத்துத் தறிக்குக் கேட்காது. நாடாவை ஒரு கோல் அடித்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் எறிகிறது. அங்கே இருக்கும் கோல் அதைத் திருப்பி அடிக்கிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அடி. தகரக் கூரைக்குக் கீழே இருபது முப்பது தறிகள் சேர்ந்து ஓடும்போது சத்தம் 95 டெசிபலில் தொடங்கி, சில குடோன்களில் 100ஐயும் தாண்டிப் போகும்.

இந்தச் சத்தத்துக்கு இரண்டு தடுப்புகள் கடையில் கிடைக்கின்றன. காதுத் துளைக்குள் செருகிக்கொள்ளும் இயர் பிளக் ஒன்று. காதை முழுவதும் மூடும்படி தலையில் மாட்டிக்கொள்ளும் இயர் மஃப் இன்னொன்று. வாங்கப் போகிறவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறார். ஒன்றில் 25 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 29, வேறொன்றில் 37. பெரிய எண் உள்ளது நல்லது என்று எடுத்துக்கொண்டு வருகிறார். சித்திரை வெயிலில் ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், வாங்கிய பொருள் தறியின் ஓரத்தில் ஆணியில் தொங்குகிறது. காதில் பழையபடி கழிவுப் பஞ்சு. அந்த எண் எங்கிருந்து வருகிறது, வெயிலில் அதற்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது தானாகவே விளங்கும்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்

டெசிபல் கணக்கு நாம் பழகிய கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் காதில் விழும் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. ஆகவே 85 டெசிபலுக்கும் 98 டெசிபலுக்கும் நடுவே இருப்பது வெறும் 13 என்று தோன்றினாலும், உண்மையில் அது இருபது மடங்கு.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. 95 டெசிபல் என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம் என்று அது குறைந்துகொண்டே வரும். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அரசு நிறுவனமான நையாஷ் இன்னும் கண்டிப்பானது. 8 மணி நேரத்துக்கு 85, அதற்குமேல் 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதி என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கில் 98 டெசிபல் குடோனில் காதை மூடாமல் நிற்கக்கூடிய நேரம் 24 நிமிடம்தான். தறி ஓட்டுகிறவர் நிற்பது 12 மணி நேரம்.

கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் அங்கே சத்தம் 85ஐத் தாண்டிவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு காதில் ‘ங்ங்’ என்று ஒலித்துக்கொண்டே இருப்பதும், டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கத் தோன்றுவதும், காலையில் எழுந்தால் அது சரியாகிவிடுவதும் அடுத்த அறிகுறி. சரியாகிவிட்டதே என்று விட்டுவிடுகிறோம். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒவ்வொரு நாளும் சோர்ந்து மீள்கின்றன, சில மீள்வதில்லை. செத்த செல் திரும்ப முளைக்காது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள உச்ச ஒலிகள். பேச்சு கேட்கும், ஆனால் சொல் பிரியாது. ‘முணுமுணுன்னு பேசாதே’ என்று வீட்டில் மற்றவர்களைக் கடிந்துகொள்ளத் தொடங்கும்போது பல ஆண்டுச் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

பெட்டியில் உள்ள எண் எப்படி வந்தது

பெட்டிமேல் இருக்கும் எண்ணுக்கு என்.ஆர்.ஆர். என்று பெயர். சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதற்கான மதிப்பு அது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1979இல் கொண்டுவந்த விதிப்படி அங்கே விற்கும் ஒவ்வொரு காதுத் தடுப்பும் அந்த எண்ணை அச்சிட வேண்டும். அங்கிருந்து அது உலகம் முழுவதும் பெட்டிகளில் ஏறிவிட்டது.

அதைக் கண்டுபிடிக்கும் முறை இதுதான். அமைதியான ஆய்வு அறையில் பத்துப் பேரை உட்கார வைக்கிறார்கள். காது திறந்திருக்கும்போது எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது, மூடியிருக்கும்போது எவ்வளவு ஒலி தேவைப்படுகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தடுப்பின் அளவு. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பத்துப் பேரும் பிளக்கைத் தாங்களே செருகிக்கொள்வதில்லை. பழகிய ஆய்வாளர் கையால் செருகிவிடுகிறார். அவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்; வேர்க்கவில்லை, தாடை அசையவில்லை, கண்ணாடி போடவில்லை. அந்த நிலையில் கிடைக்கும் எண் 29 என்றால், பட்டறையில் அதே 29 கிடைக்காது.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லிவைத்திருக்கிறது. பெட்டி எண்ணிலிருந்து 7ஐக் கழி, மீதியைப் பாதியாக்கு. 7ஐக் கழிப்பது அளவுக் கருவி சம்பந்தப்பட்டது. என்.ஆர்.ஆர். எண் ஒரு வகை அளவீட்டுக்காக உருவாக்கப்பட்டது. பட்டறையில் நாம் அளப்பது மனிதக் காதின் கேட்கும் தன்மைக்கேற்பத் திருத்திய இன்னொரு வகை. அந்த வேறுபாட்டுக்கான கழிவு அது. பாதியாக்குவது மனிதர்களுக்கான கழிவு. அந்தக் கணக்கில் 29 என்று போட்ட நுரைப் பிளக் 11 டெசிபலும், 25 என்று போட்ட மஃப் 9 டெசிபலும் குறைக்கும்.

நையாஷ் 1998இல் வேறொரு யோசனை சொன்னது. மஃப்பின் எண்ணில் கால் பங்கும், உருட்டிச் செருகும் நுரைப் பிளக்கின் எண்ணில் பாதியும், மற்ற பிளக்குகளின் எண்ணில் நூற்றுக்கு எழுபதும் கழித்துவிட வேண்டும் என்றது. காரணம் எளிது. மஃப்பைத் தவறாக மாட்டுவது கடினம். பிளக்கைத் தவறாகச் செருகுவது மிக எளிது. எண் ஒன்றாக இருந்தாலும் நடைமுறையில் மஃப் தன் எண்ணுக்கு அருகே நிற்கிறது, பிளக் சரிந்துவிடுகிறது என்பதே அதன் பொருள்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஐரோப்பாவில் எஸ்.என்.ஆர். என்று வேறு மதிப்பு உண்டு. அதன் சோதனையும் கணக்கும் வேறு என்பதால் எண் பெரும்பாலும் பெரிதாகவே வரும். ஒரே நுரைப் பிளக்கின் உறையில் அமெரிக்க எண் 29 என்றும், ஐரோப்பிய எண் 37 என்றும் சேர்ந்தே அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு பெட்டியின் 37ஐ இன்னொரு பெட்டியின் 29உடன் ஒப்பிட்டு வாங்கினால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. எந்த மதிப்பு என்று முன்னால் உள்ள எழுத்துகளைப் பார்த்த பிறகே எண்ணைப் பார்க்க வேண்டும். எந்த மதிப்பும் போடாமல் ‘முழுப் பாதுகாப்பு’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை அங்கேயே வைத்துவிடலாம். பஞ்சுக்கும் இதையே சொல்ல வேண்டும். காற்று புகும் எதிலும் சத்தமும் புகும்; காதில் வைத்த பஞ்சு மனதுக்கு ஆறுதல் தருவதோடு சரி.

செருகுவதில் இருக்கிறது சூட்சுமம்

நுரைப் பிளக்கைப் பெரும்பாலானோர் விரல் நுனியில் பிடித்துக் காது வாசலில் திருகி வைக்கிறார்கள். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது ஐந்து டெசிபல்கூடக் குறைக்காமல் போகலாம். அதே பிளக் ஆழமாகப் போனால் இருபதுக்கு மேல் தரும்.

முறையாகச் செருகுவது இப்படி. கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, மடிப்பு விழாமல், மெல்லிய குச்சியாகும் வரை உருட்டுங்கள். மடிப்பு விழுந்தால் அந்தப் பள்ளத்தின் வழியாகவே சத்தம் உள்ளே போகும். இப்போது எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுங்கள். வளைந்த காதுத் துளை அப்போதுதான் நேராகும். உருட்டிய பிளக்கை உடனே உள்ளே விட்டு, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். நுரை உள்ளே விரிந்து துளையை அடைக்கும். வெயில் காலத்தில் நுரை இளகி வேகமாக விரியும். உருட்டிய கையோடு செருகாவிட்டால் வாசலிலேயே விரிந்துவிடும்.

சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. தறி ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி எடுங்கள். பொத்தும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக இல்லை. பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் சரியாக இருக்கிறது. அடுத்தது, எண்ணிப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லும்போது சொந்தக் குரல் தலைக்குள்ளேயே முழங்க வேண்டும். ஒரு காதில் மட்டும் முழங்கினால் மற்றக் காதைத் திரும்பச் செருகுங்கள். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெதுவாகத் திருகினால் காற்று உள்ளே போய்த் தானாக இளகும்.

மஃப்பில் இவ்வளவு வேலை இல்லை. ஆனால் அதன் பலம் முழுவதும் காதைச் சுற்றி அமரும் மெத்தையில் இருக்கிறது. மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே எது வந்தாலும் அந்த இடத்தில் ஓட்டை. கண்ணாடியின் காம்பு, தலையில் கட்டிய துண்டு, அடர்ந்த முடி, கிருதா எல்லாமே சில டெசிபலைத் தின்றுவிடும். தறியில் பெண்களும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். தோடும் மாட்டலும் போட்ட காதில் மஃப் அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் மடல் வலிக்கத் தொடங்கும். தோட்டைக் கழற்று என்பதைவிட, அவர்களுக்குப் பிளக் கொடுப்பதே நடக்கிற காரியம். அதிலும் பெண்களில் பலருக்குக் காதுத் துளை சிறியது. சிறிய அளவுப் பிளக்கும் கேட்டு வாங்க வேண்டும்.

வெயில் செய்யும் வேலை

பருத்தி நூல் காற்றில் ஈரம் குறைந்தால் அடிக்கடி அறும். அதனால் பல குடோன்களில் ஜன்னலைத் திறந்து வைப்பதில்லை, விசிறிக்கும் யோசிப்பார்கள். வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சூட்டில் மஃப் மாட்டினால், இரண்டு காதையும் சுற்றி ரெக்சின் போன்ற உறை தோலோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே வேர்வை ஆவியாக வழியில்லை. அரை மணியில் மெத்தைக்குக் கீழே வழுக்கத் தொடங்கும், அரிக்கும். மாட்டியவர் ஒரு பக்கத்தைத் தூக்கித் துடைத்துக்கொள்வார். அப்புறம் இரண்டையும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘இதை மாட்டுனா தலையே வேகுதுங்க’ என்பது உண்மையான பேச்சு.

இந்தக் கழற்றும் நேரம் என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நம்ப முடியும். ஒரு மஃப் உண்மையாகவே 30 டெசிபல் குறைக்கிறது என்று வையுங்கள். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு சத்தம்தான் உள்ளே போகும். அதைக் கழற்றி வைத்த அரை மணி நேரத்தில் காதுக்குள் போகும் சத்தம், மாட்டியபடி 500 மணி நேரம் நின்றால் போகும் சத்தத்துக்குச் சமம். கொட்டும் மழையில் குடையைப் பத்து நிமிடம் மடக்கி வைத்தவர் மற்ற நேரமெல்லாம் பிடித்திருந்தும் நனைந்துதானே வீடு சேர்வார்? 8 மணி நேர வேலையில் வெறும் அரை மணி கழற்றினால் அந்த 30 டெசிபல் மஃப் மொத்தத்தில் தருவது 12 டெசிபல் மட்டும். 15 டெசிபலே குறைக்கும் ஒரு சாதாரணப் பிளக்கை 8 மணி நேரமும் போட்டிருந்தவர் இவரைவிட நல்ல நிலையில் இருப்பார்.

ஒரு குடோன், இரண்டு பேர்

இதை நம் 98 டெசிபல் குடோனில் வைத்துப் பார்க்கலாம். 12 மணி நேர ஷிஃப்ட். நையாஷ் கணக்கில் அவ்வளவு நேரத்துக்குத் தாங்கக்கூடியது சுமார் 83 டெசிபல். ஆக, 15 டெசிபல் குறைய வேண்டும்.

முதலாமவரிடம் நல்ல மஃப் இருக்கிறது. மாட்டியிருக்கும்போது உண்மையாகவே 20 டெசிபல் குறைகிறது. காதில் விழுவது 78. வெயிலில் மணிக்குப் பத்து நிமிடம் கழற்றுகிறார். அதிகம் போலத் தெரியாது. ஆனால் 12 மணி நேரத்தில் அது 2 மணி நேரம். 20 டெசிபல் என்பது நூற்றில் ஒரு பங்கு. ஆகவே திறந்த 2 மணி நேரம், மாட்டிய 200 மணி நேரத்துக்குச் சமம். மாட்டியிருந்த 10 மணி நேரம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்குக் கிடைத்த தடுப்பு 8 டெசிபல்கூட இல்லை. காதில் விழுந்த சராசரி 90ஐத் தாண்டிவிடுகிறது.

இரண்டாமவர் நுரைப் பிளக்கை ஓரளவு ஒழுங்காகச் செருகியிருக்கிறார். 15 டெசிபல் குறைகிறது. பிளக் உள்ளே போய்விட்டால் காது மடலுக்குக் காற்று படும். வேர்வை வழிந்தாலும் அதைத் தொட வேண்டியதில்லை. டீக்கும் சாப்பாட்டுக்கும் வெளியே போய்த்தான் எடுக்கிறார். உள்ளே ஓடும் தறிகளுக்கு நடுவே காது திறந்திருப்பது மொத்தமாகப் பத்து நிமிடம். அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 13 டெசிபல். காதில் விழுவது 85க்குச் சற்றுக் கீழே. 83க்கு இன்னும் வந்துசேரவில்லை. அந்தப் பத்து நிமிடத்தையும் மூடிவிட்டால் வந்துவிடும். ஆனாலும் மஃப் போட்டவருக்கு விழுந்த சத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான் இவருக்கு விழுந்திருக்கிறது. பெட்டியின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் முடிவு தலைகீழாக வந்திருக்கும்.

ஆகவே நாள் முழுக்கச் சத்தம் நிற்காத, வேர்க்கிற இடத்துக்குப் பிளக். தறிக்கு மட்டுமல்ல, நூற்பாலைக்கும் இது பொருந்தும்.

மஃப் வெல்லும் இடம்

கிரில் பட்டறையில் கதை வேறு. அங்கே கிரைண்டரும் இரும்பு அறுக்கும் கட்டிங் மிஷினும் 100 டெசிபலைத் தொட்டும் தாண்டியும் அலறும், ஆனால் விட்டுவிட்டு. இரண்டு நிமிடம் அறுப்பு, பத்து நிமிடம் அளவெடுப்பு, அப்புறம் வாடிக்கையாளரோடு பேச்சு. கையெல்லாம் கிரீசும் இரும்புத் தூளும். அந்தக் கையால் நுரைப் பிளக்கை உருட்டிக் காதுக்குள் விட்டால் தூளும் சேர்ந்து உள்ளே போகும். ஒவ்வொரு அறுப்புக்கும் அரை மணிக்கு ஒருமுறை கை கழுவிப் பிளக் உருட்ட யாராலும் முடியாது. முடியாததால் செருகாமலே அறுப்பார்கள்.

அங்கே மஃப்தான் சரி. மிஷின் சுவிட்ச் அருகே ஆணி அடித்து அதை மாட்டி வையுங்கள். சுவிட்சைப் போடும் கை முதலில் மஃப்பை எடுக்கட்டும். இரண்டு மூன்று நிமிடம் மாட்டுவதில் வேர்வைத் தொல்லையும் இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அடுத்த மேஜையில் இன்னொருவர் அறுக்கும்போது காது திறந்து நிற்பவருக்கும் அதே சத்தம்தான். வெல்டிங் முகமூடி போடுபவருக்கு மஃப்பின் தலைவளையம் இடிக்கும். அவருக்குக் கழுத்துக்குப் பின்னால் வளையம் போகும் மஃப், அல்லது வளைந்த பட்டையின் இரு முனையிலும் குமிழ் வைத்த பேண்ட் பிளக் நல்லது. பேண்ட் பிளக் காது வாசலில் மட்டும் உட்காரும். அதன் தடுப்பு குறைவு, ஆனால் காற்றோட்டமானது. கழுத்தில் தொங்கவிட்டு ஒரு கையால் போட்டுக்கொள்ளலாம்.

ஜெனரேட்டர் அறை, பெரிய பிரஸ் என்று 105க்கு மேல் போகும் இடங்களில் பிளக்கின் மேல் மஃப்பையும் மாட்டச் சொல்வார்கள். 29உம் 25உம் சேர்ந்து 54 ஆகிவிடாது. இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இன்னொரு 5 டெசிபல் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். காதை எவ்வளவு அடைத்தாலும் மண்டையோட்டு எலும்பின் வழியாகச் சத்தம் உள்ளே போகும் என்பதால் அதற்குமேல் தடுப்புக்கு எல்லை உண்டு.

தறியின் குரல் கேட்குமா?

தறிக்காரர்கள் சொல்லும் தயக்கம் ஒன்று உண்டு. அதை அலட்சியம் செய்யக் கூடாது. தறி ஒழுங்காக ஓடுகிறதா என்பதை அவர்கள் காதால் அறிகிறார்கள். நாடா சரியாகப் போய் உட்காராவிட்டால் தட்டும் ஓசை மாறும். காதை அடைத்துவிட்டால் அது தெரியாமல் போகும், நாடா தெறித்துவிடும் என்று அஞ்சுகிறார்கள்.

பிளக் தேவையான ஓசையையும் தேவையில்லாத ஓசையையும் சேர்த்தே குறைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். 98 டெசிபலில் காது ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பதால், எல்லாம் ஒரே அளவில் இறங்கும்போது நல்ல காதுள்ளவருக்கு மாற்றம் இன்னும் தெளிவாகவே தெரியக்கூடும். ஓரிரு வாரம் பழக வேண்டும். ஆனால் ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவருக்கு இது பொருந்தாது. உச்ச ஒலிகள் அவருக்கு முன்பே மெலிந்துவிட்டன. பிளக் அவற்றை மேலும் குறைத்துவிடும். அவர்களுக்குத்தான் அளவாகக் குறைக்கும் தடுப்பைத் தேர்ந்து கொடுக்க வேண்டும்.

எல்லாருக்குமே அளவுக்கு மீறிய தடுப்பு நல்லதல்ல. காதுக்குள் விழுவது 75க்கும் 85க்கும் நடுவே இருந்தால் போதும். 70க்குக் கீழே போனால் தனிமைப்பட்டது போலிருக்கும். கூப்பிடுவது கேட்காது, வண்டி ஹாரன் கேட்காது. அப்போது கழற்றிவிடுவார்கள். 90 டெசிபல் இடத்துக்கு 33 என்று போட்ட பிளக்கைத் தேடி அலைய வேண்டாம்.

காதும் கருவியும் கெடாமல்

வேர்வையில் ஊறிய காதுத் துளையில் பூஞ்சை வளரும். அழுக்குப் பிளக் அதற்கு இடம் கொடுக்கும். நுரைப் பிளக் ஒரு நாளுக்கானது. கழுவினால் நுரை விரியும் தன்மை போய்விடும். கறுத்தது, விறைத்தது, உருட்டினால் நிமிராதது எல்லாம் குப்பைக்கு. தினமும் புதிது வாங்க முடியாத இடத்தில், மூன்று அடுக்கு விளிம்பு வைத்த சிலிக்கான் பிளக்கைக் கயிறோடு வாங்கலாம். உருட்ட வேண்டியதில்லை, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாதக்கணக்கில் போடலாம். தடுப்பு நுரையைவிடக் கொஞ்சம் குறைவு. ஓடும் தறிகளுக்கு நடுவே அதன் கயிறு தொங்கக் கூடாது. சட்டைக்குள் விடுங்கள், அல்லது கயிறில்லாததை வாங்குங்கள். ஒருவர் பிளக்கை இன்னொருவர் போடவே கூடாது. காதில் வலி, சீழ், அரிப்பு இருந்தால் பிளக் வேண்டாம். ஆறும் வரை மஃப். மருத்துவரையும் பாருங்கள்.

மஃப்பின் மெத்தை வேர்வையில் விறைத்துப் போகும், வெடிக்கும். அழுத்திவிட்டால் மெல்ல உப்பி வராத மெத்தை சத்தத்தை அடைக்காது. தினசரி மாட்டும் மஃப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெத்தையை மாற்ற வேண்டும். தனியாக மெத்தை கிடைக்கும் மஃப்பாகப் பார்த்து வாங்குவது அதனால்தான். இறுக்குகிறது என்று தலைவளையத்தை விரித்து வளைப்பவர்கள் உண்டு. இறுக்கம் போனால் தடுப்பும் போனது. வேர்வை உறிஞ்சும் துணி உறையை மெத்தைமேல் போட்டால் சில டெசிபல் குறையும். ஆனாலும் அதனால் ஒருவர் கழற்றாமல் இருப்பார் என்றால் போடுவதே லாபம். முன்னால் பார்த்த கணக்கு அதைத்தான் சொல்கிறது.

குடோன் முதலாளிகளுக்கு ஒரு சொல். பெட்டி பெட்டியாக ஒரே வகையை வாங்கிக் கொடுத்துவிட்டு ‘கொடுத்தோம், போடவில்லை’ என்று சொல்வதில் பயனில்லை. நுரை, சிலிக்கான், பேண்ட் என்று மூன்று வகையை வாங்கி ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது யாருக்கு ஒத்துவருகிறதோ அதைக் கொடுங்கள். செருகும் முறையைக் கையைப் பிடித்துக் காட்டுங்கள். கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வாசலில் இருக்கட்டும். பிளக்கை உள்ளே வந்த பிறகு தேடாமல் நுழையும் முன்பே செருகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் திறன் பரிசோதனை செய்யுங்கள். சத்தத்தால் வரும் செவிக் குறைபாடு சட்டத்தின் அட்டவணையில் தொழில்நோயாகவே இடம்பெற்றிருக்கிறது; முதல் ஆண்டுப் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால் பின்னால் வரும் குறையை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

வாங்கப் போகும்போது நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே. சத்தம் நிற்காத, சூடான இடத்துக்குப் பிளக். விட்டுவிட்டு அலறும், கை அழுக்காகும் இடத்துக்கு மஃப். 25ஆ 29ஆ என்று தயங்கி நிற்காதீர்கள். கடைசி மணி நேரம் வரை கழற்றத் தோன்றாதது எதுவோ அதை வாங்குங்கள்.